ஈர மணல் உப்பல்: ஆர்டர் அளவையும் கலவையையும் சரிசெய்வது எப்படி? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வடகிழக்குப் பருவமழை நாட்களில் சொந்தமாக வீடு கட்டுபவர்களும் சைட் சூப்பர்வைசர்களும் கேட்கும் கேள்விகள் இவை. கணக்குகள் எல்லாம் 50 கிலோ மூட்டை சிமென்ட், ஒரு மூட்டை சிமென்ட் கொள்ளும் 35 லிட்டர் அளவுப் பெட்டி, சைட்டிலேயே மிக்சர் மெஷினில் கலப்பது என்ற நிலவரத்துக்கு.

மணல் ஈரமா இருந்தா அளவு கூடும்னு சொல்றாங்க. தண்ணி சேர்ந்தா கூடத்தானே செய்யும், அதுல என்ன பெரிய விஷயம்?

கூடுவது தண்ணீரின் அளவுக்கு மட்டும் என்றால் பெரிய விஷயமில்லைதான். ஒரு கன மீட்டர் காய்ந்த மணல் தளர்வாகக் கொட்டிய நிலையில் ஏறக்குறைய 1,600 கிலோ இருக்கும். அதில் 5 சதவீத ஈரம் என்றால் 80 லிட்டர் தண்ணீர். ஆனால் அந்தக் குவியலை மறுபடி அளந்து பார்த்தால் 250 லிட்டர் வரை கூடியிருக்கும். மீதி இடத்தை அடைத்திருப்பது காற்று.

ஒவ்வொரு மணல் துகளையும் மெல்லிய நீர்ப்படலம் சுற்றிக்கொள்கிறது. பக்கத்துத் துகளின் படலத்தோடு அது ஒட்டிப் பிடிப்பதால் துகள்கள் வழுக்கி இறங்கி ஒன்றோடொன்று நெருங்க முடிவதில்லை. இடையில் வெற்றிடம் நின்றுவிடுகிறது. ஈர மணலைக் கையில் பிடித்தால் உருண்டையாக நிற்கிறதே, அதே பிடிப்புதான் பெட்டிக்குள்ளும் வேலை செய்கிறது. சாதாரண மணலில் 20 முதல் 30 சதவீதம் வரை உப்பும். மிக நைஸான மணல் 40 சதவீதம் வரைகூடப் போகும்.

அப்போ மழையில தொப்பலா நனைஞ்ச மணல்தான் ரொம்ப உப்புமா?

இல்லை. உப்பல் உச்சத்துக்குப் போவது ஏறக்குறைய 4 முதல் 6 சதவீத ஈரத்தில்தான். அதற்கு மேல் தண்ணீர் சேரச் சேர துகள்களின் பிடிப்பு விட்டுப்போய் மணல் படிய ஆரம்பிக்கும். முழுக்கத் தண்ணீரில் மூழ்கிய மணலின் அளவு காய்ந்த மணலின் அளவுக்கே திரும்பிவிடும். உப்பலைக் கண்டுபிடிக்கும் சோதனையே இந்தக் குணத்தை நம்பித்தான் இருக்கிறது.

ஆனால் திறந்த குவியலில் மழை விட்டதும் தண்ணீர் கீழே வடிந்துவிடும். அடியில் ஒரு சாண் அளவு ஊறிக் கிடக்கும், மேல்தோல் வெயிலில் காயும், நடுப்பகுதி சரியாக அந்த மோசமான 5 சதவீதத்தில் நிற்கும். அதனால் கொட்டும் மழையைவிட, மழை விட்ட மறுநாள் காலையில்தான் அளவு அதிகம் ஏமாற்றும்.

சைட்டிலேயே எப்படிப் பார்க்கிறது? லேபுக்கு அனுப்பணுமா?

லேப் வேண்டாம். இந்தியத் தர நிர்ணயம் ஐ.எஸ். 2386, 3-ஆம் பாகத்திலேயே இதற்குக் களச் சோதனை இருக்கிறது. 10 நிமிடம் ஆகும்.

பக்கவாட்டுச் சுவர் நேராக இருக்கும் ஒரு பாத்திரம் வேண்டும். கண்ணாடி ஜாடி என்றால் நல்லது. பெயின்ட் வாளி வேண்டாம். அது மேலே அகன்று கீழே குறுகியிருக்கும், உயரத்தை வைத்துக் கணக்குப் போட முடியாது. குவியலின் நடுவிலிருந்து எடுத்த ஈர மணலை மூன்றில் இரண்டு பங்கு உயரத்துக்கு ஜாடியில் தளர்வாகப் போடுங்கள். தட்டக்கூடாது, அமுக்கக்கூடாது. மேல்பரப்பை மட்டமாக்கி, ஸ்டீல் ஸ்கேலை அடிவரை இறக்கி உயரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். அது 20 செ.மீ. என்று வைத்துக்கொள்வோம்.

இப்போது அந்த மணல் முழுவதையும் வேறொரு தட்டில் ஒரு துகள் சிந்தாமல் கொட்டிவிட்டு, ஜாடியில் பாதிக்குத் தண்ணீர் ஊற்றுங்கள். மணலில் பாதியைத் தண்ணீருக்குள் போட்டு 6 மி.மீ. கம்பியால் நன்றாகக் குத்துங்கள். காற்றுக் குமிழிகள் மேலே வருவது கண்ணுக்கே தெரியும். மீதி மணலையும் போட்டு, இனி இறங்காது என்னும் வரை குத்தி, மட்டமாக்கி மறுபடி அளங்கள். 16 செ.மீ. வருகிறது என்றால் அந்த 16-தான் உங்கள் மணலின் உண்மையான அளவு.

குவியலில் மூன்று இடங்களில் எடுத்துப் பாருங்கள். மூன்றும் ரொம்ப வித்தியாசப்பட்டால், சராசரி போடுவதைவிட அன்றைக்குப் பயன்படுத்தப்போகும் மணலைப் புரட்டிக் கலந்துவிட்டு மறுபடி ஒரு முறை பார்ப்பதுதான் நம்பகமானது.

20 செ.மீ. மணல் 16 ஆச்சு. 4 குறைஞ்சிருக்கு, அப்போ 20 சதவீதம்தானே?

இந்த இடத்தில்தான் நிறைய பேர் சறுக்குகிறார்கள். 4-ஐ 20-ஆல் வகுத்தால் 20 சதவீதம் வரும், அது தவறு. நமக்குத் தெரியவேண்டியது, 16 பங்கு நிஜ மணல் எவ்வளவு பெரிதாகக் காட்சி தருகிறது என்பது. 4-ஐ 16-ஆல் வகுக்க வேண்டும். விடை 25 சதவீதம்.

```
உப்பல் % = (ஈர உயரம் ÷ நீரில் படிந்த உயரம் − 1) × 100
         = (20 ÷ 16 − 1) × 100 = 25
```

சதவீதமே குழப்பம் என்றால் விட்டுவிடுங்கள். 20-ஐ 16-ஆல் வகுத்தால் 1.25. காய்ந்த மணலுக்கு எழுதிய எந்த அளவையும் இந்த 1.25-ஆல் பெருக்கினால் போதும்.

எங்க ஸ்லாப்புக்கு சிமென்ட், மணல், ஜல்லி 1:1½:3. மேஸ்திரி மூட்டைக்கு ஒன்றரை பெட்டி மணல்னு சரியாத்தானே போடுறார். மணல் குறைஞ்சா சிமென்ட் வலுவாத்தானே இருக்கும்?

சிமென்ட் விகிதம் கூடும் என்பது உண்மைதான். ஆனால் கான்கிரீட் நன்றாக வரும் என்று அர்த்தமில்லை.

ஒன்றரைப் பெட்டி என்பது 52.5 லிட்டர். 25 சதவீதம் உப்பிய மணலில் அதில் இருக்கும் நிஜ மணல் 42 லிட்டர். மூட்டைக்கு 10.5 லிட்டர் காணவில்லை. நீங்கள் 1:1½:3 என்று நினைத்துக்கொண்டிருக்கும் கலவை உண்மையில் 1:1.2:3. ஜல்லி இடுக்குகளை நிரப்ப வேண்டிய மணல் பற்றாமல் கலவை முரடாக வரும். கரண்டிக்கு வழியாது, ஜல்லி தனியாக உருளும். வேலையாள் செய்யும் முதல் காரியம், இன்னும் ஒரு குடம் தண்ணீர் ஊற்றுவது. சென்டரிங் பலகையைப் பிரித்ததும் பீமின் அடிப்பக்கத்திலும் கம்பி நெருக்கமான இடத்திலும் தேன்கூடு மாதிரிப் பொந்துகள் தெரியும். வைப்ரேட்டர் பிடித்தவரைத் திட்டுவார்கள். காரணம் பல நேரம் மணல் பெட்டியில் இருக்கிறது.

பண நஷ்டமும் உண்டு. காணாமல் போன 10.5 லிட்டர் மணல், அதன் காற்றிடைவெளியைக் கழித்தால், கான்கிரீட்டில் சுமார் 6 லிட்டர் இடத்தை நிரப்பியிருக்கும். 80 மூட்டை வேலைக்கு அது ஏறக்குறைய அரை கன மீட்டர். 5 அங்குல ஸ்லாப்பில் 40 சதுர அடிக்கு மேல். கடைசி மூலைக்குக் கலவை பற்றாமல் மாலையில் சிமென்ட் கடைக்கு ஆள் ஓடுவது இதனால்தான்.

சரி, பெட்டியை எப்படி மாத்துறது? கூட ஒரு சட்டி போட்டா போதாதா?

சட்டிக் கணக்கு வேண்டாம். ஒருவர் குவித்துப் போடுவார், இன்னொருவர் தலைதட்டிப் போடுவார். பெட்டியின் உயரத்தை மாற்றுவதுதான் சுலபம்.

வழக்கமான 35 லிட்டர் பெட்டியின் அடி 33.3-க்கு 30 செ.மீ., உயரம் 35 செ.மீ. அடியைத் தொடாமல் உயரத்தை மட்டும் 1.25-ஆல் பெருக்குங்கள்: 43.75 செ.மீ. பழைய பெட்டியின் வாயில் நான்கு பக்கமும் பலகை வைத்து உயர்த்தி ஆணி அடித்தால் மணலுக்கென்று தனிப் பெட்டி தயார். பலகையைக் கொஞ்சம் தாராளமாக, 47 செ.மீ. வரை உயர்த்திவிட்டு, உள்பக்கம் 42, 43.75, 45.5 என்று மூன்று கோடு போட்டுவிட்டால் முறையே 20, 25, 30 சதவீதத்துக்கு ஆயிற்று. அன்றைய காலைச் சோதனையில் வந்த கோடு வரை நிரப்பி மட்டமாக்கினால் அது ஒரு பெட்டி. அந்தக் கணக்கில் மூட்டைக்கு ஒன்றரை பெட்டி. பாதிப் பெட்டிக்கு அந்தக் கோட்டின் பாதி உயரத்தில் இன்னொரு குறி போட்டுக்கொள்ளுங்கள்.

ஜாடியில் தட்டாமல் போட்டீர்கள் அல்லவா, பெட்டியிலும் அப்படியே போட வேண்டும். பெட்டியைத் தரையில் தட்டித் தட்டி நிரப்பினால் ஈர மணல் நன்றாக இறங்கும், திருத்தம் அதிகமாகிவிடும். ஜல்லிப் பெட்டியில் கை வைக்காதீர்கள். ஜல்லி நனைந்தாலும் உப்புவது பொருட்படுத்தும் அளவுக்கு இருக்காது.

10 கன மீட்டர் கான்கிரீட்டுக்கு மணல் எத்தனை யூனிட் சொல்லணும்?

மேலே சொன்ன 1:1½:3 கலவைக்கே போட்டுப் பார்ப்போம். தயார் கான்கிரீட் 10 கன மீட்டருக்கு, தளர்வான காய்ந்த பொருள்களின் மொத்த அளவை 1.54 மடங்கு என்று எடுப்பது களத்து வழக்கம். அதாவது 15.4 கன மீட்டர். மொத்தப் பங்கு 5½. ஒரு பங்கு 2.8 கன மீட்டர், அதுதான் சிமென்ட்: 80 மூட்டை. மணல் ஒன்றரைப் பங்கு, 4.2 கன மீட்டர், கன அடியில் 148. ஜல்லி 8.4 கன மீட்டர், சுமார் 297 கன அடி.

யூனிட் என்பது 100 கன அடி. எஸ்டிமேட்டில் மணல் "ஒன்றரை யூனிட்" என்று எழுதியிருப்பது இந்த 148-தான், காய்ந்த மணலுக்கு. வரும் மணல் 25 சதவீதம் உப்பியிருந்தால் 148-ஐ 1.25-ஆல் பெருக்க வேண்டும்: 185 கன அடி. சிந்துவது, தரையோடு போவது எல்லாம் சேர்த்து 2 யூனிட் என்று சொல்லிவிடலாம். ஒன்றரை யூனிட் இறக்கியவர் 65-ஆவது மூட்டையைத் தாண்டுவதற்குள் மணல் தீர்ந்துபோய் நிற்பார். கலவையைச் சரியாகப் போட்டால், அதாவது. பெட்டியைத் திருத்தாமல் போட்டால் மணல் கடைசி வரை கணக்காக வந்துவிடும், தப்பு வெளியே தெரியாது.

லாரியில் ஒரு சிக்கல் இருக்கிறது. கிரஷரில் லோடர் கொட்டிய உடனே மட்டமாக இருந்த லோடு, வழியில் குலுங்கி இறங்கியிருக்கும். சைட்டில் டேப் வைத்தால் சில அங்குலம் குறையும். டிரைவரோடு சண்டை போட வேண்டாம், மணல் எங்கும் போகவில்லை. எங்கே அளப்பது என்பதை ஆர்டர் சொல்லும்போதே பேசிக்கொள்ளுங்கள். சைட்டில் அளந்து வாங்கினால், அதே கன அடியில் கொஞ்சம் கூடுதல் மணல் இருக்கும். முழு 25 சதவீதத் திருத்தத்தோடு வாங்கியது உங்களுக்குச் சற்று மிச்சமாகவே முடியும்.

"நனைஞ்ச மணல்ல எடை கூட இருக்கு, உங்களுக்குத்தான் லாபம்"னு விக்கிறவர் சொல்றாரே?

35 லிட்டர் பெட்டி நிறைய காய்ந்த மணலை எடை போடுங்கள், சுமார் 56 கிலோ இருக்கும். அதே பெட்டியில் 25 சதவீதம் உப்பிய ஈர மணலைத் தளர்வாக நிரப்பி எடை போடுங்கள். தண்ணீரோடு சேர்த்து 47 கிலோதான் வரும். பெட்டிக்குள் காற்று அவ்வளவு புகுந்திருக்கிறது. இந்த ஒரு எடையைக் கண்முன் காட்டினால் பேச்சு முடிந்துவிடும்.

முடிந்தால் மழைக்காலத்தில் எடைக்கு வாங்குங்கள். நமது 4.2 கன மீட்டர் காய்ந்த மணல் 6.7 டன். 6 சதவீத ஈரத்தைச் சேர்த்தால் 7.1 டன். எடையில் வாங்கினால் ஈரத்தால் வரும் பிழை அந்த 6 சதவீதத்தோடு நிற்கும். கன அடியில் வாங்கினால் 25.

அளவைச் சரி பண்ணியாச்சு. தண்ணீரையும் குறைக்கணுமா?

கண்டிப்பாக. பெட்டியைத் திருத்திவிட்டுத் தண்ணீரைப் பழையபடி ஊற்றுவது அரைகுறை வேலை.

அரை கிலோ மணலை வாணலியில் வறுங்கள். ஆவி நின்று, துகள்கள் ஒட்டாமல் உதிரும் வரை. 472 கிராம் மிஞ்சினால், போன 28 கிராமை 472-ஆல் வகுத்தால் ஏறக்குறைய 6 சதவீதம். அதில் 1 சதவீதம் போல துகளுக்குள்ளேயே உறிஞ்சப்பட்டது, கலவைக்கு வராது; எம் சாண்ட் சிலவற்றில் அது இன்னும் கூட இருக்கும். மீதி 5 சதவீதம் கலவையில் சேரும் தண்ணீர். மூட்டைக்கு நிஜ மணல் 84 கிலோ என்றால் 4 லிட்டருக்குச் சற்று மேல்.

நீர்–சிமென்ட் விகிதம் 0.55 என்று வைத்தால் மூட்டைக்கு மொத்தம் 27.5 லிட்டர். மணலே 4 கொண்டுவருவதால் மெஷினில் ஊற்ற வேண்டியது 23-தான். அப்படியே 27.5 ஊற்றினால் விகிதம் 0.63-க்கு ஏறிவிடும், அது நேராக வலிமையைத் தின்னும்.

தராசும் வாணலியும் இல்லாத இடத்துக்கு ஐ.எஸ். 456 ஒரு தோராயக் கணக்கு தருகிறது. மிதமான ஈர மணலில் கன மீட்டருக்கு 80 லிட்டர், மிகவும் ஈரமான மணலில் 120 லிட்டர் மேற்பரப்பு நீர். எது மிதம், எது மிகுதி என்பது கண் மதிப்பு. அதனால் நான் வாணலியைத்தான் சொல்வேன்.

தினமும் யாருங்க ஜாடி வெச்சுப் பார்ப்பாங்க? எப்பவும் 25 சதவீதம் கூட்டிப் போட்டுட்டா வம்பில்லையே?

வம்புதான், எதிர்ப்பக்கத்து வம்பு. நாலு நாள் வெயில் அடித்து மணல் காய்ந்த பிறகும் உயர்த்திய பெட்டியில் போட்டால் மூட்டைக்கு 65 லிட்டருக்கு மேல் நிஜ மணல் விழும். கலவை 1:1.9:3 ஆகிறது. மணல் கூடினால் தண்ணீர் அதிகம் கேட்கும், சிமென்ட் நீர்த்துப்போகும். மணல் குறைந்தால் தேன்கூடாவது கண்ணில் படும். இது வழவழப்பாக, பார்க்க அழகாக வரும். பலவீனம் வெளியே தெரியாது. இரண்டில் எது மோசம் என்று கேட்டால் இதைத்தான் சொல்வேன்.

கான்கிரீட் போடும் நாள் மட்டும் காலையில் ஒரு முறை, புது லோடு வந்தால் ஒரு முறை. அவ்வளவு போதும்.

எம் சாண்ட் கிரஷர் மணல்தானே, அதுவும் உப்புமா?

உப்பும். கழுவிய எம் சாண்ட் வெயில் காலத்திலும் ஈரமாகவே லாரி ஏறுவது உண்டு. மழை இல்லையே என்று விட்டுவிடாதீர்கள்.

பூச்சு வேலைக்கும் இதெல்லாம் பார்க்கணுமா?

அங்கேதான் உப்பல் இன்னும் அதிகம், ஏனென்றால் பூச்சு மணல் நைஸ். 1:5 என்று போடும் கலவையில் மணல் 30 சதவீதம் உப்பியிருந்தால் நிஜத்தில் அது 1:3.85. சிமென்ட் மிகுந்த பூச்சு காயும்போது அதிகம் சுருங்கும், சுவரில் வலைப்பின்னல் மாதிரி மயிரிழை விரிசல்கள் விழும். "க்யூரிங் சரியில்லை" என்று பழி போகும். க்யூரிங்கும் காரணமாக இருக்கலாம். ஆனால் மழை விட்ட மறுநாள் பூசிய சுவரில் மட்டும் விரிசல், மற்றதில் இல்லை என்றால் மணலைச் சந்தேகப்படுங்கள்.

குவியல் மேல ஹோஸ் பிடிச்சு முழுசா நனைச்சுட்டா உப்பல் போயிடும்தானே?

பெட்டிக்குள் தண்ணீர் நிற்கும் அளவுக்கு மூழ்கடித்தால் போகும். குவியலில் நிற்காது, வடிந்து மறுபடி அந்த 5 சதவீதத்துக்கே வந்து நிற்கும். மூட்டைக்கு எவ்வளவு தண்ணீர் போகிறது என்ற கணக்கும் கைவிட்டுப்போகும். அதைவிட, கொட்டும் இடத்தைச் சற்றுச் சரிவாக்கி, தார்ப்பாய் போட்டு மூடி, கான்கிரீட் நாளுக்கு முன்தினமே அடுத்த நாள் மணலைத் தனியாக ஒதுக்கி வையுங்கள். அடியில் ஊறிக் கிடக்கும் ஒரு சாண் மணலை எடுக்காமல் விடுங்கள்.

ரெடிமிக்ஸ் வாங்கினா?

அங்கே மணலை எடை போட்டுச் சேர்ப்பதால் உப்பல் பிரச்சினை இல்லை. ஈரத்துக்கு ஏற்பத் தண்ணீரைக் குறைப்பது மட்டும் அவர்கள் பார்க்க வேண்டியது. உங்கள் பக்கம் பார்க்க வேண்டியது, டிரக் வந்ததும் ஸ்லம்ப், அதாவது கலவை எவ்வளவு இளகலாக இருக்கிறது என்ற சோதனை.

கான்கிரீட் பாதியில மழை வந்துட்டா என்ன பண்றது?

முதலில் மூடுங்கள்: போட்ட கான்கிரீட்டை, பிறகு மணலை. மழை விட்டுத் தொடரும்போது மணலின் மேல் ஒரு முழ ஆழத்தைச் சீவித் தள்ளிவிட்டு, உள்ளே இருப்பதை எடுத்து ஜாடியில் பாருங்கள். காலையில் 16-க்கு இறங்கியது இப்போது 17-க்கு இறங்கினால் உப்பல் 18 சதவீதத்துக்குக் குறைந்திருக்கிறது. ஈரம் கூடி மணல் படிய ஆரம்பித்துவிட்டது என்று அர்த்தம். பெட்டியில் 42 செ.மீ. கோட்டுக்குக் கொஞ்சம் கீழே, 41 செ.மீ. வரை நிரப்புங்கள். தண்ணீரை இன்னும் குறைத்து, முதல் கலவையின் ஸ்லம்ப்பைப் பார்த்துவிட்டு அடுத்ததைப் போடுங்கள்.